ஆறு மில்லிமீட்டர் வித்தியாசம்

என் வலது முட்டி வலிக்க ஆரம்பித்த பிறகுதான் திருவனந்தபுரத்தில் வைத்தியம் தெரியாதவர் ஒருவர்கூட இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. ஹாஸ்டல் வார்டன் முறிவெண்ணெய் தேய்க்கச் சொன்னார். துணிக்கடையில் என் பக்கத்தில் நிற்கும் ஜினி முருங்கை இலை கட்டச் சொன்னாள். பாறசாலையிலிருந்து அம்மா போன் பண்ணி, ஓடுவதை நிறுத்தினால் தானே சரியாகிவிடும் என்றாள். அது எனக்கும் தெரியும். ஓடாமல் இருந்தால் வலிக்காது. ஓடாமல் இருந்தால் வேலையும் கிடைக்காது.

அந்த வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் நீண்ட தூர ஓட்டக்காரிகள் இரண்டு பேரை எடுக்கிறார்கள். ஐயாயிரம் மீட்டர் ஓட வேண்டும், முதல் இரண்டு பேருக்கு வேலை. வயது இருபத்தைந்தைத் தாண்டியிருக்கக் கூடாது. எனக்கு அந்த 2003-ஆம் வருடம் இருபத்தைந்து. மூன்று வருடமாகச் சாலைக்கடைத் தெருவில் ஒரு துணிக்கடையில் காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டு வரை நின்றுகொண்டே வேலை பார்க்கிறேன். ஆள் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. உட்கார்ந்து வேலை பார்க்கிற ஒரு இடம் வேண்டும் என்றுதான் நான் ஓடினேன். வீரம், நாடு, பதக்கம் என்று யாராவது பேசினால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

பந்தயத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போது முட்டிச் சிப்பிக்கு அடியில் குத்த ஆரம்பித்தது. மாடிப்படி இறங்கினால் குத்தும். மூன்று கிலோமீட்டர் தாண்டினால் கத்தி வைத்த மாதிரி இருக்கும். என் கோச் சுவாமிதாஸ் சாருக்கு எல்லா வலிக்கும் ஒரே பதில்தான்.

"ஓடினா நோவும் பிள்ளே. நோவாத்தது நடக்குறவனுக்காக்கும்."

ஒரு வாரம் அதையும் கேட்டு ஓடினேன். அப்புறம் சாரிடம் சொல்லாமல் தம்பானூரில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டைப் பார்க்கப் போனேன். பெயர் செல்வகணேஷ், நாகர்கோவில்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். முட்டியைத் தொட்டுப் பார்த்தார், உட்கார்ந்து எழச் சொன்னார், வராந்தாவில் ஓடிக் காட்டச் சொன்னார். கடைசியில் என் காலை விட்டுவிட்டு ஷூவைக் கையில் எடுத்தார். இரண்டு வருடம் முன்னால் துபாயிலிருந்து என் அத்தை மகன் கொண்டுவந்து கொடுத்த ஷூ. நல்ல மெத்தென்று இருக்கும். அதை நான் சாமி மாதிரி வைத்திருந்தேன்.

ஒரு கவை போன்ற அளவுகோலின் ஒரு கையை ஷூவுக்கு உள்ளேயும் இன்னொன்றை அடியிலும் வைத்து அளந்தார். குதிங்கால் நிற்கிற இடம் முப்பத்திரண்டு மில்லிமீட்டர். முன்பாதம் நிற்கிற இடம் இருபது.

"பன்னெண்டு வித்தியாசம்," என்றார். "இதுதான் கணக்கு. சோல் எவ்வளவு தடிமன்ங்கிறது வேற விசயம். குதி முன்பாதத்தவிட எவ்வளவு பொக்கத்துல, ஒசரத்துல நிக்குதுங்கிறதப் பாக்கணும்."

"பொக்கமா இருந்தா நல்லதுல்லியா? குதிக்கு மெத்துன்னு இருக்குமே."

"குதிக்கு நல்லதுதான். ஆனா குதி இப்படித் தூக்கி நின்னா நீங்க குதியத்தான் முதல்ல குத்தி இறங்குவீங்க. காலு ஒடம்புக்கு முன்னால போய் விழும். அப்போ ஒடம்பு பாரத்த முட்டு மடங்கித் தாங்கணும். சிப்பி தொடை எலும்புமேல போட்டு அழுத்தும். ஒங்க முட்டுக்கு அதுதான் ஆகல."

"அப்போ தட்டையா ஒரு ஷூ வாங்கிப் போட்டா போதுமா?"

அவர் கையை உயர்த்தினார். "அங்கதான் எல்லாரும் தப்புப் பண்ணுதாங்க. பாரம் எங்கயும் காணாமப் போகாது, கேட்டீங்களா. முட்டுலருந்து எறங்குனா கெண்டைக்காலுக்குப் போகும். குதி தாழத் தாழக் கணுக்கால் கூடுதலா மடங்கும், ஆடுசதையும் குதிக்குப் பின்னால இருக்க நாணும் கூடுதலா இழுபடும். ரெண்டு வருசமா பன்னெண்டுல ஓடுன சதை அது, சட்டுன்னு தட்டையில ஓடுனா கிழிஞ்சிரும். ஆறுக்கு வாங்க. அதுலயும் முதல் வாரம் பத்து நிமிசம், ஒருநாள் விட்டு ஒருநாள். பாக்கி ஓட்டம் பழசுலயே."

ஆறு மில்லிமீட்டர் வித்தியாசம் என்று ஒரு சீட்டில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். எந்த ஷூ கிடைத்தாலும் ஓடுவதற்கு முன்னால் தன்னிடம் கொண்டுவந்து அளக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். இந்த இரண்டு தடவையை நான் மறக்கவே மாட்டேன், ஏனென்றால் நான் கேட்கவில்லை.

அடுத்த மூன்று நாள் சாயங்காலம் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு ஷூக்கடை ஏறி இறங்கினேன். எம்.ஜி. ரோட்டில் ஒன்று பாக்கியில்லை. எந்தப் பெட்டியிலும் அந்த எண் கிடையாது. சைஸ் இருக்கும், நிறம் இருக்கும், விலை இருக்கும். ஒரு கடைக்காரர் பெருவிரலால் சோலை அமுக்கிக் காட்டி "நல்ல ஸாஃப்டாணு" என்றார். குதிக்கும் முன்பாதத்துக்கும் உயர வித்தியாசம் ஆறு மில்லிமீட்டர் வேண்டும் என்றதும் இன்னொருவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, லேடீஸ் ஹீல்ஸ் செக்ஷன் மாடியில் என்று கையைக் காட்டினார். எனக்கு வந்த கோபத்தில் மாடிக்குப் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கி வந்தேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் தெரியாது.

வேறு வழியில்லாமல் சுவாமிதாஸ் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா? ஆரியசாலையில பிச்சையா இருக்கானே, அவன்கிட்ட குடு. அவன் எந்த ஷூவையும் பிரிச்சு மாத்திக் கட்டுவான்," என்றார்.

பிச்சையா அண்ணன் ஆரியசாலையில் ஒரு மொத்தக்கடையின் பக்கவாட்டுச் சந்தில் உட்கார்ந்து செருப்பு, ஷூ, குடை எல்லாம் சரிபார்ப்பவர். திருநெல்வேலிப் பக்கம். ஸ்டேடியத்தில் ஓடுகிற பாதிப் பேருடைய ஷூ அவர் கைக்குப் போய் வந்ததுதான். கால் ஊனத்துக்கு எம்.சி.ஆர். என்கிற மெத்து ரப்பர் வைத்து உயரம் கட்டுவதிலும் கெட்டிக்காரர். நான் கடைக்கு ஓடுகிற அவசரத்தில் அந்த துபாய் ஷூவையும் சீட்டையும் கொடுத்துவிட்டு, "கோச் சார் அனுப்பினாங்க, இதுல எழுதியிருக்கு, சந்தேகம்னா சாருக்குப் போன் பண்ணுங்க," என்று சொல்லிவிட்டு வந்தேன். அவருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியுமா என்று கேட்கக்கூட எனக்கு நேரமில்லை.

இரண்டாம் நாள் ஷூ வந்தது. வேலை அவ்வளவு சுத்தம். அடித்தோலைப் பிரித்து நடுவில் கைவைத்து மறுபடி ஒட்டின இடம் தெரியவில்லை. பார்த்தால் முன்னைவிட மெத்தென்று, தடிமனாக இருந்தது. போட்டு நின்றபோது லேசாகப் பின்னால் சாய்கிற மாதிரி ஒரு உணர்வு. புதிதுதானே, பழகும் என்று நினைத்தேன்.

"பிசியோ அளக்கணும்னு சொன்னாரு சார்."

"அளந்து என்ன, தையல்காரன்கிட்ட பிளவுஸா குடுத்தே? நாலு வாரந்தான் இருக்கு. ஓடு."

ஓடினேன். வலி இல்லை.

இதை எப்படிச் சொல்வது? ஒரு கிலோமீட்டர், இரண்டு, மூன்று. முட்டியில் குத்தல் வருமென்று காத்துக்கொண்டே ஓடினேன், வரவில்லை. நாலாவது கிலோமீட்டரில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்து நிமிடத்தில் நிறுத்தச் சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் வலிக்காத காலை எந்த மடச்சி நிறுத்துவாள்? அன்றைக்கு ஆறு கிலோமீட்டர் ஓடினேன். மறுநாள் எட்டு. ஹாஸ்டல் மாடிப்படியை ஓடி இறங்கினேன். சுவாமிதாஸ் சார் பிச்சையா அண்ணனைப் பற்றிப் பெருமையாக எல்லாரிடமும் சொன்னார்.

ஐந்தாம் நாள் கெண்டைக்கால் கட்டையாக இருந்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் குதி தரையில் படிய மறுத்தது. "தூங்குன சதை முழிக்குதாக்கும், நல்லது," என்றார் சார். ஒன்பதாம் நாள் நானூறு மீட்டரை எட்டுத் தடவை வேகமாக ஓட வைத்தார். ஆறாவது தடவை வளைவில் யாரோ பின்னாலிருந்து கெண்டையில் கல்லால் எறிந்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. நொண்டி நொண்டிப் போய்ப் புல்லில் விழுந்தேன்.

செல்வகணேஷ் காலைப் பார்ப்பதற்கு முன்னால் ஷூவை அளந்தார். குதி இருபத்தெட்டு. முன்பாதம் இருபத்தெட்டு. இன்னொரு தடவை அளந்தார்.

"இது ஆறு இல்ல. பூச்சியம்."

"இவ்வளவு தடியா இருக்கே!"

"தடி வேற, வித்தியாசம் வேறன்னு அன்னைக்கே சொன்னேன்லா? மெத்தை மேல ஏறி நின்னாலும் தட்டையா நின்னா தட்டைதான். ஒங்க கெண்டைக்காலுக்கு இது வெறுங்காலுல ஓடுன மாதிரி. எத்தன நாள் ஓடினீங்க?"

"ஒம்பது."

"எவ்வளவு?"

சொன்னேன். அவர் அளவுகோலை மேசையில் வைத்துவிட்டு என் கெண்டையை அமுக்கிப் பார்த்தார். அவர் திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன், மனசாவது ஆறியிருக்கும்.

சதை நார் கொஞ்சம் விட்டிருக்கிறது, முழுக்கக் கிழியவில்லை என்றார். பந்தயத்துக்கு இருபது நாள் இருந்தது.

அன்றைக்கே ஆரியசாலைக்கு நொண்டிக்கொண்டு போனேன். சுவாமிதாஸ் சாரும் வந்தார். சந்தில் மிளகாய் மூட்டை இறக்குகிறவர்கள் நின்று வேடிக்கை பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். பிச்சையா அண்ணன் ஊசியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"நான் என்னம்மா தப்பு செஞ்சேன்? சீட்டு இங்கிலீசுல இருந்துச்சு. பக்கத்துக் கடையிலருந்து சாருக்குப் போன் போட்டேன். சார் என்ன சொன்னாவன்னு அவுகட்டயே கேளுங்க."

"நான் என்ன சொன்னேன்? குதியும் முன்னும் சரியாக்கிக் குடுன்னு சொன்னேன்," என்றார் சார்.

"ஆமா. சரியாக்கிட்டேன்லா? குதியில நாலு சீவுனேன், முன்னால எட்டு ஏத்துனேன். நூல் புடிச்சுப் பாருங்க. ரெண்டும் சரிக்குச் சரி."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சார் பேசுவது பாதி மலையாளம். அவர் வாயில் சரியாக்கு என்றால் பழுது பார்த்துக் கொடு என்று அர்த்தம். பஸ் கெட்டாலும் சரியாக்கு, ரேடியோ கெட்டாலும் சரியாக்கு. பிச்சையா அண்ணனுக்குச் சரி என்றால் சமம். ஒரு கால் குட்டையானவர்களுக்கு இரண்டு காலையும் சரியாக்கிக் கொடுத்தே பிழைக்கிற மனிதர். இரண்டு பேரும் தமிழ்தான் பேசினார்கள். இரண்டு பேரும் பேசினதும் சரிதான். கிழிந்தது என் கால்.

"ஆறுன்னு எழுதியிருந்ததே சார், ஆறுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றேன்.

"அவன் கேக்கலியே பிள்ளே."

"அவுக சொல்லலியே தாயி."

இரண்டு பேரையும் அடித்துவிடலாம் போல இருந்தது. அதைவிட என்னையே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அளக்காமல் ஓடினவள் நான்தானே.

இருபது நாளில் பத்து நாள் ஓடவே இல்லை. தண்ணீரில் நடந்தேன், பாதத்தை ரப்பர் கயிற்றில் இழுத்தேன். பந்தயத்துக்கு நாலு நாள் முன்னால் செல்வகணேஷ் ஷூவுக்குள்ளே குதிக்கு அடியில் ஒரு கெட்டித் துண்டை வைத்தார். பத்து மில்லிமீட்டர்.

"இப்ப கெண்டைக்காலுக்கு இழுப்பு கொறையும். ஆனா..."

"முட்டுக்குப் போகும்."

"போகும். ரெண்டுல ஒண்ணத்தான் காப்பாத்த முடியும். முட்டு வலிச்சா பல்லக் கடிச்சு ஓடலாம். கெண்டை விட்டுச்சுன்னா நின்னுருவீங்க. அதனால முட்டுக்கே குடுங்க. குதிய ஊணி ஓடுங்க. எந்தக் காரணத்துக்கும் முன்காலுல ஏறாதீங்க. விரல்ல ஏறிட்டா குதிக்கு அடியில எத்தன துண்டு இருந்தும் பிரயோஜனமில்ல, முழு இழுப்பும் சதைக்குத்தான்."

எந்த வலி வேண்டும் என்று கேட்டு ஒரு வலியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு பந்தயத்துக்குப் போனவள் நானாகத்தான் இருப்பேன்.

பதினோரு பேர் ஓடினோம். பன்னிரண்டரைச் சுற்று. நாலாவது சுற்றில் முட்டி பேச ஆரம்பித்தது. ஏழாவதில் கத்தியது. நான் எண்ணிக்கொண்டே குதியை ஊன்றினேன். இறங்குகிற ஒவ்வொரு அடியும் சிப்பிக்கு அடியில் இறங்கியது. ஒவ்வொருத்தியாகப் பின்னால் போனார்கள். பதினோராவது சுற்றில் எனக்கு முன்னால் மூன்று பேர், பன்னிரண்டாவதில் இரண்டு. முதலாவது ஓடினவள் எட்டாத தூரத்தில் இருந்தாள். இரண்டாவது, பத்தனம்திட்டையிலிருந்து வந்த ஒரு ஒல்லிப் பெண், எனக்குப் பத்து மீட்டர் முன்னால் தலையை ஆட்டி ஆட்டி ஓடினாள். அவளுக்குத் தீர்ந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. எனக்கு மூச்சு பாக்கி இருந்தது. கடைசி இருநூறு மீட்டர். வேகம் எடுக்க வேண்டுமென்றால் விரல்களில் ஏற வேண்டும்.

ஏறினேன். நாலு அடி. ஐந்தாவது அடியில் கெண்டைக்குள் அதே இடம் கிள்ளியது. உடம்பு என்னைக் கேட்காமலே குதிக்கு இறங்கிவிட்டது. குதியை ஊன்றிக்கொண்டு எவ்வளவு முடியுமோ அவ்வளவு ஓடினேன். அந்தப் பெண் கோட்டைத் தாண்டி விழுந்தபோது நான் அவளுக்குப் பின்னால் இருந்தேன். அவளுக்குப் பதினெட்டு நிமிடம் ஆறு விநாடி. எனக்குப் பதினெட்டு நிமிடம் பதினோரு விநாடி. அவளுக்குக் கைகொடுக்கப் போனேன். பாவம், அவள் மேல் எனக்கு என்ன கோபம்? கோபம் வைக்க ஒரு ஆள் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதன் பிறகு இரண்டு வாரம் நான் ஸ்டேடியம் பக்கம் போகவில்லை. கடையில் நின்றேன், ஹாஸ்டலில் படுத்தேன். ஒருநாள் பிச்சையா அண்ணன் துணிக்கடை வாசலில் வந்து நின்றார். ஷூவைக் கொடு என்றார். வேண்டாம் என்றேன்.

"நீங்க ஓடுங்க, ஓடாதீங்க. நான் செஞ்ச வேல தப்பா நிக்கக் கூடாது தாயி."

எடுத்துக் கொடுத்தேன். அவர் நேராகச் செல்வகணேஷிடம் போய் உட்கார்ந்து, அளக்கிற விதத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு செய்தாராம். ஷூ திரும்பி வந்தபோது குதி இருபத்தெட்டு, முன்பாதம் இருபத்திரண்டு. இந்தத் தடவை பிச்சையா அண்ணன், செல்வகணேஷ், சார் மூன்று பேரும் ஆளுக்கொரு தடவை அளந்தார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. இந்த அளவு ஒன்றரை மாதத்துக்கு முன்னால் எங்கே போயிருந்தது?

ஆனாலும் போட்டேன். முதல் வாரம் பத்து நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள். அடுத்த வாரம் பதினைந்து. எதற்காக என்று கேட்காதீர்கள். காலையில் ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

பத்தாவது வாரம் ஒரு காலை, மழை விட்டிருந்த மைதானத்தில் நானும் சாரும் மட்டும் இருந்தோம். "ஐயாயிரம் ஓடிப் பாரு," என்றார். ஓடினேன். முட்டியைக் கேட்டேன், பேசவில்லை. கெண்டையைக் கேட்டேன், பேசவில்லை. ஏழாவது சுற்றில் எனக்குக் காலே இல்லாத மாதிரி இருந்தது. மூச்சு மட்டும் இருந்தது. கடைசி இருநூறில் விரல்களில் ஏறினேன். ஒன்றும் கிள்ளவில்லை. அழுதுகொண்டே கோட்டைத் தாண்டினேன். எங்கேயும் வலிக்காததுதான் அவ்வளவு வலித்தது.

சார் ஒவ்வொரு சுற்றுக்கும் நேரத்தைக் கத்துகிறவர். அன்றைக்கு ஒரு சுற்றுக்கும் கத்தவில்லை. ஸ்டாப் வாட்சைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எவ்வளவு சார்?"

"எதுக்கு மோளே இப்ப."

அவர் பைக்குள் கையைவிட்டு நானே எடுத்தேன். பதினேழு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி. அந்தப் பத்தனம்திட்டைப் பெண்ணைவிடப் பதினான்கு விநாடி முன்னால்.

நான் வாட்சைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை வாங்காமல் என் தலையில் கை வைத்தார். இத்தனை வருடத்தில் அப்படிச் செய்ததில்லை.

"நான் ஒரு வார்த்த ஒழுங்கா சொல்லியிருந்தா... போட்டு, விடு. அடுத்த வருசமும் ஆளெடுப்பாங்க பிள்ளே. அதுல நீதான்."

"அடுத்த வருசம் எனக்கு இருபத்தாறு, சார்," என்றேன்.